லேப் ரிப்போர்ட் என்று தேடியபோது

மண்டபத்தில் இறாலும் நண்டும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சில வருடம் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னிடம் இருந்தது. அலுவலக மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடியது. அதற்கு அட்மின் நான்தான்.

ஒருநாள் வெளிநாட்டில் இறால் வாங்கியவர், ஆன்டிபயாடிக் சோதனை முடிவு தனக்கு வரவே இல்லை என்றார். ஷிப்மென்ட் பேப்பர்களைப் பார்க்கும் அக்கா அன்று விடுப்பு, போனும் எடுக்கவில்லை. "மெயில எடுத்துப் பாருப்பா" என்றார் முதலாளி.

முதலில் மெயில் லாக்கைத் திறந்தேன். யார் யாருக்கு, என்ன தலைப்பில், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கும். மெயிலுக்குள் எழுதியது இருக்காது. மெயிலோடு ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பினாரா என்று தெரிய வேண்டுமே. எங்கள் வொர்க்ஸ்பேஸ் சந்தாவில், எல்லோருடைய மெயிலையும் சேமித்து வைத்து அட்மின் தேடிப் பார்க்க உதவும் வால்ட் என்ற வசதியும் இருந்தது. அதில் அக்காவின் முகவரியைக் கொடுத்து, மூன்று மாதத் தேதி போட்டு, `lab report` என்று தேடினேன். கடவுச்சொல் தேவைப்படவில்லை. அவருக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை.

இறால் ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே, ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அவருக்கு வந்த மெயிலும் நின்றது. என்ன சோதனை என்பது தலைப்பிலேயே இருந்தது. அதைத் திறக்கவில்லை, ஆனால் தலைப்பு கண்ணில் பட்டுவிட்டது. உடனே வாங்கியவரின் முகவரியையும் சேர்த்துத் தேடலைச் சுருக்கினேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். நான் வேவு பார்க்கவில்லை. ஆனால் இறாலின் ரிப்போர்ட் எது, மனுஷியின் ரிப்போர்ட் எது என்று அந்தத் தேடலுக்குத் தெரியாது.

அக்கா வந்ததும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "அத அன்னிக்கே அழிச்சிட்டேனே தம்பி" என்றார்.

அழித்தது குப்பையில் 30 நாள் கிடக்கும். அதன்பின்னும் 25 நாள் வரை அட்மினால் மீட்க முடியும். வால்டில் இத்தனை வருடம் வைத்திரு என்று விதி போட்டிருந்தால் அந்தக் காலம் முழுக்க அங்கே இருக்கும். எங்களிடம் அந்த விதி இருந்தது. அவர் கண்ணிலிருந்துதான் அது மறைந்திருந்தது. பள்ளி, கல்லூரி கொடுக்கும் மெயிலிலும் அட்மின் கையில் இதே சாவிதான்.

வந்த மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் போதுமா என்று கேட்டார். போதாது, அசல் இங்கேயே நிற்கும், அனுப்பியதும் லாக்கில் பதியும். இனி வருவதைத்தான் திருப்ப முடியும். பேங்க் கணக்கின் மெயில் முகவரியை முதலில் மாற்றச் சொன்னேன். வேலையை விட்ட அன்றே இந்த அலுவலக மெயில் கணக்கை முடக்கிவிடுவோம், அப்புறம் பாஸ்வேர்டை மாற்ற பேங்க் அனுப்பும் லிங்க் அவர் கைக்கு வரவே வராது. புது முகவரியை அலுவலகக் கம்ப்யூட்டரில் திறக்காமல் தன் போனிலேயே வைத்துக்கொள்ளவும் சொன்னேன்.

மத்தியானம் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, புது முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.