பழைய போனை ரீசெட் செய்யும் முன், பாஸ்கீ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பச்சைக் கோடு விழுந்த பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதியது வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். புது போனில் சிம் போட்டு, ஜிமெயில் உள்ளே போனதும், கவுண்டரில் இருந்த தம்பி அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார். "சிம் மாத்திட்டீங்க, மெயில் வந்துடுச்சு, எல்லாமே வந்துடும் சார். பழையதை இப்பவே ரீசெட் பண்ணிக் கொடுத்துடுங்க, பில்லை முடிச்சுடலாம்." முடியாது என்றேன். எக்ஸ்சேஞ்ச் தொகை நாளைக்குக் குறையலாம் என்று பயமுறுத்தினார். அப்போதும் கொடுக்கவில்லை. நல்லவேளை, கொடுத்திருந்தால் என் கணக்குகளில் பாதி அங்கேயே போயிருக்கும்.

பாஸ்வேர்டுக்குப் பதில், போனின் பூட்டைத் திறப்பது போலவே கணக்கிலும் நுழைய வைப்பது பாஸ்கீ. அதற்கும் சிம்முக்கும் சம்பந்தமே இல்லை. யூபிஐ ஆப்தான் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த எண் இந்த போனில் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யும். பாஸ்கீ அப்படி இல்லை. பூட்டு இணையதளத்திடம், சாவி நம்மிடம். அந்தச் சாவியைப் போனில் எந்தப் பெட்டகம், அதாவது எந்தப் பாஸ்வேர்டு மேனேஜர், சேமித்து வைத்திருக்கிறதோ, அது புது போனிலும் திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

முதல் சிக்கல் கடையிலேயே வந்தது. கூகுள் கணக்கில் நுழைந்து பாஸ்கீகளை எடுக்கப் போனதும், பழைய போனின் பெயரைப் போட்டு அதன் திரைப்பூட்டைக் கேட்டது. தம்பி புது போனுக்கு வைத்த பின் நம்பரைப் போடச் சொன்னார். தவறு என்று வந்தது. "இன்னும் ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார். இங்கேதான் நிதானம் வேண்டும். பாஸ்கீகள் பூட்டப்பட்ட நிலையில்தான் கூகுளிடம் இருக்கின்றன. அதைத் திறக்க, ஏற்கெனவே அதை வைத்திருந்த போனின் பின், பேட்டர்ன், பாஸ்வேர்டு இவற்றில் ஒன்றோ, Google Password Manager-க்கென்று தனியாக வைத்த பின்னோ வேண்டும். தொடர்ந்து தவறாகப் போட்டால், அதிகபட்சம் 10 முறைதான், சில சமயம் அதற்கு முன்பே, அந்தப் போனின் பூட்டை வைத்துத் திறக்கும் வழி அடைபட்டுவிடும். பழைய போன் கையில் இருந்தால், அதில் திரைப்பூட்டை மாற்றி, தவறான முயற்சிகளின் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ரீசெட் செய்து கடையில் விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த வழி கிடையாது.

கைரேகையை மட்டும் நம்பி இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கைரேகை அந்தந்த போனுக்குள்ளேயே இருப்பது, வேறெங்கும் போகாது. புது போன் ஒருநாளும் பழைய கைரேகையைக் கேட்காது. பேட்டர்னைத்தான் கேட்கும். நான் பழைய பேட்டர்னைப் போட்டதும் கூகுளில் இருந்தவை எல்லாம் வந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்தேன். சில உடனே திறந்தன. சிலவற்றில் "இந்தச் சாதனத்தில் பாஸ்கீ இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி. பழைய போனை எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பாஸ்கீ உருவாக்கும்போது கீழிருந்து ஒரு பெட்டி எழும், "தொடரவும்" என்று பொத்தான் இருக்கும். எதில் சேமிக்கப் போகிறது என்பது அந்தப் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் போனில் முதலிடத்தில் நின்றது போன் கம்பெனியின் சொந்தப் பெட்டகம். அதில் இருப்பது அந்தக் கம்பெனியின் சாதனங்களுக்குத்தான் வரும். நான் வாங்கியது வேறு கம்பெனி போன்.

அதில் ஒரு கணக்கு எனக்கு முக்கியமானது. வேலைக்கான பில் எல்லாம் அதில்தான். பாஸ்வேர்டையே நீக்கிவிட்டு பாஸ்கீயை மட்டும் வைத்துக்கொள்ள அவர்கள்தான் வழி கொடுத்திருந்தார்கள். உதவி மையத்தைக் கூப்பிட்டால், "பாஸ்கீயை உங்க மொபைல் நம்பருக்கு அனுப்புறோம், வந்ததும் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண். ஓடிபியையும் பாஸ்கீயையும் குழப்பிக்கொண்டிருந்தார். பாஸ்கீயை அவர்களால் அனுப்பவே முடியாது. சாவி அவர்களிடம் இருந்தால்தானே அனுப்ப! எவ்வளவு விளக்கியும் பலனில்லை, போனை வைத்துவிட்டேன்.

பழைய போன் கையில் இருந்ததுதான் காப்பாற்றியது. லேப்டாப்பில் அந்தத் தளத்தைத் திறந்து, நுழையும் இடத்தில் வேறு போன் மூலம் பாஸ்கீ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் கோடு வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்து, அந்தப் போனிலேயே கைரேகை வைத்தால், லேப்டாப்பில் கணக்கு திறக்கும். எனக்கு முதலில் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இணைக்க முடியவில்லை என்று நின்றது. பழைய போனில் ப்ளூடூத் அணைந்திருந்தது.

ஸ்கேன் செய்கிறோமே, ப்ளூடூத் எதற்கு என்று தோன்றும். இரண்டு சாதனமும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அதுதான். யாரோ ஒரு மோசடிக்காரர் தன் கணினியில் வந்த கோடை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், அவர் கணினி உங்கள் பக்கத்தில் இல்லாததால் வேலை நடக்காது. ஆகவே இரண்டிலும் ப்ளூடூத், இரண்டிலும் இணையம் வேண்டும். ப்ளூடூத் இல்லாத மேசைக் கணினியில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்கேன் செய்ய போனோடு வந்த கேமராவையே பயன்படுத்துங்கள். வேறு ஸ்கேனர் ஆப் என்றால் `FIDO:/` என்று தொடங்கும் நீளமான எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கக்கூடும்.

உள்ளே போனதும், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் புதிதாக ஒரு பாஸ்கீ சேர்த்தேன். எங்கே சேமிக்க என்று கேட்கும்போது போன் என்பதைத் தேர்ந்து, இந்த முறை வரும் கோடைப் புது போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். புது போனில் எழும் பெட்டியில் சின்ன எழுத்தைப் படித்தேன், Google Password Manager என்றிருந்தது. சரி என்றேன். பிறகு லேப்டாப்பில் வெளியேறாமல், புது போனில் தனியாக நுழைந்து பார்த்தேன். திறந்தது! அந்த நிமிடம் வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அதற்குப் பிறகுதான் பழைய பாஸ்கீயை நீக்க வேண்டும், முன்பு அல்ல. நீக்குவதும் இரண்டு இடத்தில். போனிலிருந்து அழித்தால் தளத்தின் பட்டியலில் அது அப்படியே இருக்கக்கூடும். தளத்தில் அழித்தால், போன் அந்தச் செத்த பாஸ்கீயை நீட்டிக்கொண்டே இருக்கலாம், கைரேகை வைத்தாலும் பிழை வரும். உள்ளே போக முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டியலில் ஒரே மாதிரி இரண்டு வரி இருந்தால், உருவாக்கிய தேதியைப் பார்த்து நீக்குங்கள்.

மற்ற கணக்குகளையும் இப்படியே ஒவ்வொன்றாக மாற்றினேன். பாஸ்வேர்டு இன்னும் இருந்த கணக்குகளில் வேலை சுலபம், பாஸ்வேர்டு போட்டு நுழைந்து புதிதாக ஒன்று உருவாக்கினால் போதும். அடுத்து, புது போனின் அமைப்புகளில் Passwords, passkeys & accounts என்ற பகுதிக்குப் போய் எந்தப் பெட்டகம் முதலிடத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். ஆண்ட்ராய்டு 14 முதல் இதை நாமே மாற்றலாம், போனுக்குப் போன் பெயர் மட்டும் சற்று மாறும். எல்லாக் கணக்கும் புது போனில் திறந்த பிறகுதான் பழையதை ரீசெட் செய்து, அதே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொகையும் குறையவில்லை.