மேடையில் எழுத்து உடைந்த சாயங்காலம்: ஆண்டு விழா ஸ்லைடு அனுபவம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா முடிந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆண்டறிக்கையை வழக்கமாக ஹெச்.எம். மேடம் தாளைப் பார்த்து வாசிப்பார்கள், பெற்றோர் பிள்ளைகளின் டான்ஸ் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். இந்த வருடம் எல்.இ.டி. திரை வைக்கிறோம், அதனால் போட்டோ, சாதனைகள், அடுத்த வருடத் திட்டம் எல்லாம் ஸ்லைடாக ஓடட்டும் என்று முடிவானது. அந்த வேலை என்னிடம் வந்தது. 38 ஸ்லைடு, மூன்று வாரம். அடுத்து யாராவது இதில் இறங்கினால் நான் பட்ட பாடு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்லைடு வடிவமைப்பு, நிறம் இதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. போட்டோதான் உயிரை எடுத்தது.

பள்ளி விழா, போட்டி எல்லாப் படமும் ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில்தான் கிடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் படங்களைத் தொட்டால் இறங்கவே இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி கேட்கச் சொல்கிறது. அனுப்பியவர் போனை மாற்றிவிட்டார். கிடைத்த படங்களிலும் ஒரு சிக்கல். வாட்ஸப்பில் சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் அது சுருங்கி, நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடுகிறது. முழுப் படமாகத் திரையில் போட்டால் இது போதும், குறையே தெரியாது. ஆனால் ஆண்டறிக்கையில் நாம் என்ன செய்கிறோம்? நாற்பது பிள்ளைகள் நிற்கும் குழுப் படத்திலிருந்து பரிசு வாங்கிய ஒருத்தியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்குகிறோம். வரிசைக்குப் பத்துப் பதினைந்து பேர் நின்றால் ஒரு பிள்ளைக்கு நூறு பிக்சல் சொச்சம்தான் கிடைக்கும், முகத்துக்கு அதிலும் பாதி. அதை ஸ்லைடில் கால்வாசி இடத்துக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதே படத்தை எடுத்தவர் போனிலிருந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கினேன். அகலம் 4000 பிக்சல். அந்தப் பிள்ளையின் நெற்றித் திருநீறு வரை தெரிந்தது. போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்ற ஒரு வரியை வருட ஆரம்பத்திலேயே குழுவில் போட்டிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

விளையாட்டு விழாவுக்கு மட்டும் மதுரையிலிருந்து ஆள் வைத்து எடுத்திருந்தோம். அந்த ஸ்டுடியோவுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். ஆரப்பாளையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பென்டிரைவில் வாங்கி வந்தால், வீட்டில் ஒரு படமும் திறக்கவில்லை. எல்லாம் `.CR2` என்று முடிகிற கோப்புகள். அது கேமராவின் மூலக் கோப்பு, ஸ்லைடில் அப்படியே வைக்க முடியாது. போன் போட்டுக் கேட்டால் "நீங்க ஒரிஜினல்தானே மேடம் கேட்டீங்க" என்கிறார். நான் கேட்டது பெரிய படம், அவர் கொடுத்தது மூலம். அடுத்த சனிக்கிழமை மறுபடி பஸ். ஸ்டுடியோவில் வாங்கினால் `.jpg` வேண்டும் என்று சொல்லி, அங்கேயே அவர்கள் கணினியில் நான்கைந்து படம் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், ஒரிஜினல் படங்களாக அறுபதைச் சேர்த்ததும் கோப்பு 250 எம்.பி.யைத் தாண்டி, பள்ளி லேப்டாப் ஸ்லைடுக்கு ஸ்லைடு மூச்சு வாங்கியது. வெட்டும் வேலை எல்லாம் முடிந்தபிறகு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் மட்டும், பவர்பாயிண்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து Picture Format-இல் Compress Pictures போய் 150 ppi வைத்தேன். அங்கே Apply only to this picture என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு படம் மட்டும்தான் சுருங்கும். 30 எம்.பி.க்கு வந்தது, திரையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்தது சாதனைப் பட்டியல். மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் எங்கள் எட்டாம் வகுப்பில் மூன்று பேர் தேர்ச்சி. மாதம் 1000 ரூபாய், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஸ்லைடில் "உதவித்தொகை" என்று மட்டும் போடாமல் நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய் என்று பெரிதாகப் போட்டேன். விழாவில் அந்த ஸ்லைடுக்குத்தான் பின்வரிசை வரை சத்தம் நின்றது. ஆனால் அதே ஸ்லைடில்தான் பெரிய தப்பு நடக்க இருந்தது. எட்டாம் வகுப்பில் ஏ பிரிவில் ஒரு கார்த்திகா, பி பிரிவில் ஒரு கார்த்திகா, இரண்டு பேருக்கும் இனிஷியல் ச. தேர்ச்சி பெற்றது பி பிரிவுப் பிள்ளை, நான் வைத்திருந்தது ஏ பிரிவுப் பிள்ளை படம். ஆசிரியர்கள் ஆறு பேர் பார்த்தோம், ஒருவருக்கும் படவில்லை. புதன்கிழமை கடைசிப் பீரியடில் எட்டாம் வகுப்பிலேயே லேப்டாப்பைத் திறந்து ஓட்டினேன். ஸ்லைடு வந்த மறுநொடி பத்துப் பேர், "டீச்சர், அது இந்தக் கார்த்திகா இல்ல, அந்தக் கார்த்திகா!" அதோடு எழுத்துப் பிழை இரண்டு, வகுப்பு மாறியது ஒன்று என்று எல்லாம் பத்து நிமிடத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பெயர் சரிபார்க்க அவர்களை விட ஆள் கிடையாது.

திட்ட ஸ்லைடில் கொஞ்சம் வாக்குவாதம். நிர்வாகத்திலிருந்து வந்த குறிப்பில் ஸ்மார்ட் வகுப்பறை, புதிய ஆய்வகம், கழிப்பறைக் கட்டடம் என்று பதினான்கு வரி. அதில் பணம் ஒதுக்கியிருப்பது மூன்றுக்கு மட்டும். போன வருடம் இதே மேடையில் கழிப்பறை சொன்னது பெற்றோருக்கு மறக்குமா? நான் ஹெச்.எம். மேடத்திடம் கேட்டு இரண்டு ஸ்லைடாகப் பிரித்தேன். முதலில் "போன வருடம் சொன்னவை": நான்கு வரி, இரண்டு முடிந்தது, ஒன்று பாதி, கழிப்பறை நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று ஒரு வரி. அடுத்து "இந்த வருடம்": பணம் இருக்கிறவை ஒரு பக்கம், கேட்டிருப்பவை ஒரு பக்கம். நிர்வாகத்தில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, நடக்காததை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்றார். மேடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். விழா முடிந்து வந்து பேசிய அப்பாக்கள் பேசியது அந்த ஸ்லைடைப் பற்றித்தான். சனிக்கிழமை காலை 9 மணிக்கு என்.எம்.எம்.எஸ். பயிற்சி என்று போட்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பஸ்ஸே அப்போதுதான் கிளம்புகிறது என்று ஒருவர் சொன்னார். 10 மணிக்கு மாற்றிவிட்டோம்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. விழா 5:30க்கு. 4:30க்குத் திரைக்காரர் லேப்டாப்பில் பென்டிரைவைப் போட்டு ஓட்டினால் முதல் ஐந்து ஸ்லைடு நன்றாக வருகிறது, ஆறாவதில் தமிழைக் காணோம். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று நிற்கிறது. கை கால் ஓடவில்லை. சாதனைப் பட்டியல் முழுக்க இதே கதி.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பட்டியல் எங்கள் அலுவலகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றின் மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாததில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். என் லேப்டாப்பில் பாமினி இருந்ததால் மூன்று வாரமும் எனக்குத் தெரியவே இல்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சந்தேகமான வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை `Nirmala UI` என்று மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் அது எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரிகிற யூனிகோட், பயமில்லை. ஆங்கிலமாகச் சிதறினால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குக் காப்பாற்றியது ஒரு பி.டி.எஃப். முந்தின நாள் மேடத்துக்குப் போனில் அனுப்புவதற்காக என் லேப்டாப்பில் பி.டி.எஃப். ஆகவும் சேமித்திருந்தேன். பி.டி.எஃப்.பில் எழுத்துருவும் உள்ளேயே போய்விடுவதால் எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். அதை முழுத் திரையில் வைத்து ஓட்டினோம். வீடியோ மட்டும் அதில் ஓடாது, சிலம்பம் வீடியோ பென்டிரைவில் தனிக் கோப்பாக இருந்ததால் இடையில் திரைக்காரர் அதைத் தனியாகப் போட்டார். ஐந்து ஐம்பதுக்கு மேடம் வாசிக்க ஆரம்பித்தார்கள், ஸ்லைடும் சரியாக மாறிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இதெல்லாம் சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் சரியாகவில்லை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்தார். வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார், கையில் சாப்பாட்டுத் தூக்கு. "எம் மவன் குறுவட்டத்துல நூறு மீட்டர்ல மூணாவது வந்தானே டீச்சர், அதெல்லாம் இதுல வராதா?" வரும். வந்திருக்க வேண்டும். பி.இ.டி. சார் கொடுத்த பட்டியலில் முதல், இரண்டாம் இடம் மட்டும் இருந்தது, மூன்றாவது இல்லை. அதை நான் கேட்கவில்லை. சான்றிதழ் அவர் பீரோவில்தான் இருந்தது. பையன் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கள்கிழமை பி.இ.டி. சாரோடு உட்கார்ந்து பீரோவில் இருந்த எல்லாச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தோம். விடுபட்டவர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்து பேரையும் சேர்த்து ஒரு ஸ்லைடு புதிதாகப் போட்டேன், அந்தப் பையனை மைதானத்தில் நிற்க வைத்து நானே படம் எடுத்தேன். மகள் படம் குழுவில் வேண்டாம் என்று இரண்டு வீட்டில் சொல்லியிருந்தார்கள், அந்தப் படங்களை எடுத்துவிட்டுப் பி.டி.எஃப்.பைப் பெற்றோர் குழுவில் அனுப்பியாயிற்று. அந்த அம்மாவிடம் வாட்ஸப் பார்க்கிற மாதிரி போன் இல்லை. அதனால் அவர்கள் ஸ்லைடைப் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, பள்ளி முத்திரை வைத்து, மேடத்தின் கையெழுத்தோடு பையனிடமே கொடுத்து அனுப்பினேன்.