லேஅவுட் பிராக்டிகல்: கிரிட் போட்டால் மட்டும் போதாது

டிப்ளமோ ரிசல்ட் வந்துவிட்டது. தியரியில் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தூக்கிவிட்டது லேஅவுட் பிராக்டிகல். மூன்று பத்தி, எதிரெதிர்ப் பக்கங்கள், InDesign என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பிரிண்டின் குறுக்கே ஸ்கேலை வைத்துப் பார்ப்பார்கள். மூன்று பத்தியிலும் எழுத்தின் அடி ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் வைத்த அளவுகள்:

- பாடி டெக்ஸ்ட் 10 பாயிண்ட், லீடிங் 14. இதைவிடக் குறைத்தால் ‘கீ’யின் சுழியும் மேல் வரி ‘ழு’வின் வாலும் நெருங்கிவிடும்.
- Preferences > Grids பகுதியில் Increment Every 14 pt, Relative To: Top Margin.
- பாடி ஸ்டைலில் மட்டும் Align to Baseline Grid.

இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். மார்க் போவது உபதலைப்பில். கிரிடில் பூட்டிய வரி, கோட்டைத் துளி தாண்டினாலும் அடுத்த கோட்டுக்குத்தான் போய் நிற்கும். அதனால் உபதலைப்பின் லீடிங், மேல் இடைவெளி, கீழ் இடைவெளி மூன்றையும் கூட்டினால் 14-இன் மடங்கு வர வேண்டும். என் உபதலைப்பின் லீடிங் 16. மேலே 9, கீழே 3 விட்டேன், மொத்தம் 28. கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டுமே என்று மேலே 10 வைத்தால் 29 ஆகும். உடனே கீழே வரும் பாரா ஒரு வரி முழுக்க இறங்கிவிடும். ஒரு பாயிண்ட் ஆசைக்கு 14 பாயிண்ட் ஓட்டை! உபதலைப்பு இரண்டு வரி என்றால் 32 ஆகிறது. மேலே 7, கீழே 3 சேர்த்து 42.

கண்ணளவில் நகர்த்திப் பார்க்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குக் கணக்குப் போட்டால்தான் கை ஓடும். ஆன்சர் ஷீட்டின் ஓரத்திலேயே கூட்டி வைத்துக்கொண்டேன்.

பத்தியின் உச்சியில் உபதலைப்பு வந்தால் மேல் இடைவெளியை InDesign கணக்கில் எடுக்காது. அங்கே 9 பாயிண்ட் காணாமல் போகும். பாரா மட்டும் தன் கோட்டிலேயே நிற்பதால் இரண்டுக்கும் நடுவே இடம் அகன்று தெரியும். பேஸ்லைன் ஷிஃப்டில் −9 கொடுத்து உபதலைப்பை இறக்கினால் சரி. அதைவிட நல்லது, மேலே படத்தைக் கொஞ்சம் சுருக்கி, உபதலைப்பு உச்சிக்கு வராமல் பார்த்துக்கொள்வது.

அப்புறம், நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் இரட்டை இடைவெளியோடு குதிக்கிறதா? வேர்டிலிருந்து ஒட்டிய ஏதோ ஒரு சொல் 12 பாயிண்டில், ஆட்டோ லீடிங்கோடு வந்திருக்கும். ஆட்டோ என்றால் 120 சதவீதம், அதாவது 14.4. கிரிடைத் தாண்டிவிட்டது. வரியில் எந்த எழுத்தின் லீடிங் பெரியதோ அதுதான் வரியை ஆளும். அந்தச் சொல்லுக்கும் 14 என்று கையால் கொடுங்கள். பக்கம் முடிந்ததும் Ctrl+Alt+' அழுத்திக் கிரிட் கோடுகளை வரவழைத்து ஒருமுறை பார்த்தால் இது உடனே மாட்டும்.

படக்குறிப்பை 14-இல் பூட்டாதீர்கள், பொடி எழுத்துக்கு அது அகலம். லீடிங் 10.5 வைத்தால் குறிப்பின் நான்கு வரி, பாடியின் மூன்று வரிக்குச் சமம். முதல் வரியைக் கோட்டில் வைத்தால் ஐந்தாம் வரி தானாகக் கோட்டுக்கு வந்துவிடும்.