ஆய்வுக்கூட மேசையின் இரட்டைச் சுருள்

நம்மில் பலர் இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டில் பரிமாற்று மின்தூண்டல் எண்ணுக்கான சூத்திரத்தை எழுதி, விடையையும் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறியவர்கள்தான். அந்த மேசையில் நடந்ததில் பாதி, குறிப்பேட்டில் ஏறவே இல்லை.

கருவி எளிது. அரை மீட்டர் நீளம், 2 செ.மீ. ஆரம், 1000 சுற்றுகள் கொண்ட வரிச்சுருள். அதன் நடுவில், அதே அச்சில், 3 செ.மீ. ஆரமும் 200 சுற்றுகளும் கொண்ட குட்டையான சுருள். இந்த இணையின் பரிமாற்று மின்தூண்டல் எண் M = μ₀n₁N₂A; n₁ வரிச்சுருளில் மீட்டருக்கு எத்தனை சுற்று என்பது, N₂ குட்டைச் சுருளின் சுற்றுகள், A குறுக்குப் பரப்பு. மீட்டருக்கு 2000 சுற்று என்பதால் M ஏறத்தாழ 0.63 மில்லிஹென்றி வரும்.

இங்கே A எது என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். வெளிச்சுருளின் பரப்பைப் போட்டால் விடை இரண்டேகால் மடங்காகிவிடும். நீண்ட வரிச்சுருளுக்கு வெளியே காந்தப்புலம் ஏறக்குறைய இல்லை; ஆகவே வெளிச்சுருள் எவ்வளவு அகலமாக இருந்தாலும், அதனூடே போகும் பாயம் உள்ளே இருக்கும் வரிச்சுருளின் குறுக்குப் பரப்பால் வருவது மட்டுமே. குட்டைச் சுருளை வரிச்சுருளின் விளிம்புக்கு நகர்த்தினால் M சரிபாதியாகக் குறையும். நடுவில் வைக்கச் சொன்னது அதனால்தான்.

இனி மின்னோட்டம். 5 வோல்ட் மின்கலத்தொகுதி, சுற்றின் மொத்த மின்தடை 5 ஓம், ஆக முடிவில் ஓடுவது 1 ஆம்பியர். வரிச்சுருளின் தன் மின்தூண்டல் எண் சுமார் 3.2 மில்லிஹென்றி. சாவியை மூடிய கணத்தில் மின்னோட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1580 ஆம்பியர் வீதத்தில் ஏறத் தொடங்கும். வெளிச்சுருளில் 1 வோல்ட் எழுந்து, சில மில்லிநொடிகளில் அடங்கிவிடும். அதன்பின் 1 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தாலும் வெளிச்சுருளில் மாட்டிய மீட்டர் சுழியில்தான் நிற்கும். “இணைப்பு விட்டுப்போச்சு” என்று கம்பிகளைக் கழற்றி மாட்டும் வேலை இந்த இடத்தில்தான் தொடங்கும்.

சாவியைத் திறக்கும்போது கதை வேறு. 0.1 மில்லிநொடியில் மின்னோட்டம் அறுந்தால் சராசரியாகவே 6.3 வோல்ட் எழும், எதிர்த்திசையில். சாவி முனையில் சின்னப் பொறியும் தெறிக்கும். ஆனால் எறிகல்வனோமீட்டரின் முள் இரண்டு முறையும் ஒரே அளவுதான் எறியும். இதை வியப்பாகப் பார்த்தவர்கள் அதிகம், காரணம் கேட்டவர்கள் குறைவு. அந்த முள் அளப்பது மின்னியக்கு விசையின் உச்சத்தை அல்ல. அது நேரத்தோடு சேர்ந்து தரும் மொத்தத்தை. மூடும்போது 1 வோல்ட்டில் தொடங்கி 0.63 மில்லிநொடி நேர மாறிலியோடு தேய்கிறது, மொத்தம் 0.63 மில்லிவோல்ட்-நொடி. திறக்கும்போது 6.3 வோல்ட், 0.1 மில்லிநொடி, மொத்தம் அதேதான். இரண்டுமே M-ஐ மின்னோட்ட மாற்றத்தால் பெருக்கியது. அலைவுகாட்டியில் பார்த்தால் ஒன்று தாழ்ந்து அகன்றும், மற்றது உயர்ந்து ஒடுங்கியும் தெரியும்.

எறிகல்வனோமீட்டர் இல்லாதவர்கள் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் 1 ஆம்பியர் அனுப்பினால் மல்டிமீட்டர் 0.2 வோல்ட் காட்டும். அலைவுகாட்டியில் அதுவே 0.28 என்று உச்சமாகத் தெரியும். இரண்டையும் கலந்தால் M நாற்பது சதவீதம் பிசகும். சுருள் சூடேறச் சூடேற மின்னோட்டம் இறங்கும் என்பதால், ஒவ்வொரு அளவீட்டின்போதும் அம்மீட்டரையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.