எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

கேபிள் டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்துவிட்டால் லேன் பாயின்ட் தயார் என்று, நெட்வொர்க் கேபிள் போடும் நம் தொழிலில் பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த டெஸ்டர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டிய வேலை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வந்தது.

மாம்பழ சீசன் நேரம். டிராக்டர்களில் பெங்களூரா மாங்காய் வந்து நிற்கும். எடை மேடை அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு லேன் பாயின்ட் இழுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வேறொருவர் செய்த வேலை. இணைப்பு இருந்தது, ஆனால் பில் போடும்போது சாப்ட்வேர் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே நகரும். எடை போடுகிற அண்ணன், "உள்ளே மோட்டார் ஓட ஆரம்பிச்சா இன்னும் மோசம் தம்பி. வெளியில வண்டிக்காரங்க சத்தம் போடுறாங்க" என்றார். மோட்டாரைப் பற்றி அவர் சொன்னது வெறும் புலம்பல் இல்லை, நல்ல தகவல்.

டெஸ்டரின் ஒரு பாதியை அலுவலகத்திலும் மறுபாதியை எடை மேடை அறையிலும் மாட்டினேன். இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று எட்டு வரை ஒழுங்காக எரிந்தன. ஒரு கம்பி அறுந்திருந்தால் அந்த எண் எரியாது. இடம் மாறியிருந்தால் மறுமுனையில் வரிசை தாறுமாறாக ஓடும். இங்கே இரண்டும் இல்லை. கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். இரு முனையிலும் உள்ள எண்களைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய 60 மீட்டர் வந்தது. 100 மீட்டர் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆக, நீளமும் காரணம் இல்லை.

அப்புறம் கம்ப்யூட்டரில் இந்த இரண்டையும் ஓட்டினேன்:

```
Get-NetAdapter | Select Name, LinkSpeed
ping -n 200 -l 1400 192.168.1.1
```

இரண்டு பக்கமும் கிகாபிட் சாதனங்கள். ஆனால் லிங்க் 100 மெகாபிட் என்று காட்டியது. அளவு குறிக்காத சாதாரண பிங்கையும் ஓட்டிப் பார்த்தேன், அது பெரும்பாலும் திரும்பி வந்தது. 1400 பைட் பிங்கில் மட்டும் இடையிடையே பதில் வராமல் போனது. சின்ன பாக்கெட் தப்பித்து, பெரிய பாக்கெட் அடிபட்டால், கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் சிக்னல் கெடுகிறது என்று அர்த்தம். பாக்கெட் நீளம் கூடக்கூட அதில் ஒரு பிட்டாவது கெடும் வாய்ப்பு கூடும். ஒரு பிட் கெட்டாலும் முழு பாக்கெட்டும் குப்பைதான்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. கம்பிகளை ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். மறுமுனையிலும் இதே வரிசை. பார்க்க அழகாக இருக்கும், முதல்முறை கிரிம்ப் செய்பவர் கை இயல்பாகவே இப்படித்தான் போகும். இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் டெஸ்டரும் சரி என்றே சொல்லும்.

ஆனால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டும் ஸ்விட்சும் பின்களை வேறு மாதிரி ஜோடி சேர்க்கின்றன. 1, 2 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. மீதியுள்ள 3, 6 ஒரு ஜோடி. இந்த 3, 6 நடுவிலிருக்கும் 4, 5-ஐத் தாண்டி நிற்பதற்குக் காரணம் பழைய டெலிபோன். அதன் ஜாக்கில் நடு இரண்டு பின் முதல் லைனுக்கு, அதைச் சுற்றியுள்ள இரண்டு பின் இரண்டாவது லைனுக்கு. அந்த ஏற்பாட்டை எட்டுப் பின் ஜாக்கிலும் விட்டுவைத்தார்கள். அதனால்தான் டி568பி என்ற வழக்கமான நிற வரிசை இப்படி வருகிறது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து நின்று நீல ஜோடியை நடுவில் வைத்துக்கொள்கிறது.

ஜோடி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல், ஒன்றில் பிளஸ் என்றால் மற்றதில் மைனஸாகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், ஒன்றாக முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துபோகும். இந்த ஆலையில் 3-ஆம் பின்னில் வெள்ளைப் பச்சை, 6-ஆம் பின்னில் நீலம். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை, அவற்றோடு முறுக்கிய கம்பிகள் 4, 5-இல் நிற்கின்றன. மோட்டார் இரைச்சல் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி ஏறுகிறது, கழிவதில்லை. நான்கு ஜோடியும் தேவைப்படும் கிகாபிட்டில் நிலைமை இன்னும் மோசம். 3, 6-இல் போவது 4, 5-க்குள் கசியும், அதில் போவது இதற்குள் கசியும். அதனால்தான் சாதனங்கள் கிகாபிட்டை விட்டு 100-க்கு இறங்கிவிட்டன. டெஸ்டரோ ஒவ்வொரு கம்பியிலும் பேட்டரி மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஜோடி பிரிந்ததைக் கண்டுபிடிக்கும் டெஸ்டர்கள் உண்டு, விலை கூடுதல்.

இரண்டு பிளக்கையும் வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். மேலுறையை 3 சென்டிமீட்டர் அளவுக்கு உரித்தேன். உரிக்கும் பிளேடு கம்பியின் நிற உறையைக் கீறியிருக்கிறதா என்று வளைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீறல் தெரிந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. கேட் 6 என்பதால் நடுவே இருந்த கூட்டல்குறி வடிவ பிளாஸ்டிக்கை மேலுறையோடு ஒட்ட வெட்டினேன். முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அதனால் வரிசைப்படுத்தி நேராக்கிய பிறகு, மேலுறையிலிருந்து அந்த அளவு மட்டும் விட்டு ஒரே வெட்டாக வெட்டினேன். கிளிப் கீழே, பித்தளை நிறத் தகடுகள் மேலே, கேபிள் நம் பக்கம் இருக்குமாறு பிடித்தால் வெள்ளை ஆரஞ்சு இடது ஓரத்தில் வரும். உள்ளே தள்ளியபின் இரண்டு இடத்தைப் பார்ப்பேன். பிளக்கின் மூக்கில் எட்டுச் செம்பு முனையும் முட்டி நிற்க வேண்டும். பின்பக்கம் மேலுறை பிளக்குக்குள் போயிருக்க வேண்டும். கிரிம்ப் செய்யும்போது கீழிறங்கும் பிளாஸ்டிக் கட்டை அந்த உறையைத்தான் கவ்வ வேண்டும். வெறும் கம்பியைக் கவ்வினால், யாராவது மேசையை நகர்த்தும்போது ஒன்று கழன்றுகொள்ளும்.

மறுபடி மாட்டியபோது லிங்க் 1 கிகாபிட் காட்டியது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பிங்கை ஓட்டினேன், எல்லாமே திரும்பி வந்தன. கூட வந்த தம்பி, "டெஸ்டர் அப்பவும் இதேதானே அண்ணா காட்டுச்சு?" என்றான். இதேதான் காட்டியது. அவனிடம் பழைய பிளக்குகளில் ஒன்றையும் புதிய பிளக் ஒன்றையும் கையில் கொடுத்து, 3-ஆம் பின்னையும் 6-ஆம் பின்னையும் மட்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் பச்சை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிதில் இருக்கிறது, பழையதில் 6-இல் நீலம்.

இப்போது எந்தப் பாயின்டையும் டெஸ்டரோடு விடுவதில்லை. 3, 6 இரண்டிலும் பச்சை, லிங்க் வேகம், பெரிய பிங் மூன்றும் பார்த்த பிறகே பாக்ஸை மூடுகிறேன். அதோடு, பாக்ஸுக்குள் ஒரு முழம் கேபிளைச் சுருட்டி விடுகிறேன். இந்த ஆலையில் அலுவலகப் பக்கம் அப்படி எதுவும் விட்டிருக்கவில்லை. பிளக்கை வெட்டிய பிறகு கேபிள் ஸ்விட்சைத் தொட எட்டவில்லை, ரேக்கையே கொஞ்சம் நகர்த்தித்தான் மாட்ட வேண்டியிருந்தது.