பெயர் ஏற்கெனவே வாசலில் இருந்தது

கடைகளுக்குப் பெயர்ப் பலகை வடிவமைப்பது என் வேலை. பெயரே இல்லாமல் வருபவர்களுக்குப் பெயர் தேடித் தருவதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்படி வந்தவர்தான் டீயும் சிற்றுண்டியும் விற்கும் ஒரு சின்னக் கடையைத் தொடங்கியிருந்த அக்கா. கடை திறந்து மூன்று வாரம் ஆகியும் பலகை இல்லை. காலையில் நடைப்பயிற்சி முடித்த பெரியவர்கள், மாலையில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் என்று இரண்டு கூட்டம். "ரெண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு பேர் வேணும் தம்பி" என்றார்.

இந்த வகை வேலையில் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். வேறொரு கடைக்கு 'அந்தி' என்று வைத்துக் கொடுத்தேன். மாலை விளக்கு வெளிச்சத்தில் பலகை அவ்வளவு அழகு. ஆனால் காலை ஆறு மணிக்கு அந்தக் கடையைத் தாண்டிப் போனவர்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள் போல என்று நினைத்துவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பெயர் மூடியிருந்தது. அதற்குப் பிறகு, பொழுதைச் சொல்லும் எந்தச் சொல்லையும் இப்படிப்பட்ட கடைக்கு நான் தொடுவதில்லை.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. முதலில் 'அரட்டை'. மாணவர்கள் சொன்ன பெயர். காலையில் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பவருக்கு அது ஒட்டவே ஒட்டாது. தவிர, கைப்பேசியில் தேடினால் அதே பெயருள்ள மெசேஜ் செயலிதான் முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது 'நிழல்'. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் வரைபடத்தில் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஒருவர் nizhal என்பார், இன்னொருவர் nilal, அடுத்தவர் nizhel. ழகரம் நம் பெருமை, சரி. தேடுபெட்டிக்கு அது தெரியாதே. மூன்றாவதில் 'கஃபே' என்ற சொல் இருந்தது. அது கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிற சொல். மாணவர்களுக்கு அது 'ரொம்ப நேரம் உட்காரலாம்' என்று கேட்கும், பெரியவர்களுக்கு 'விலை கூட இருக்கும்' என்று கேட்கும்.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நான்கு நாள் காலையும் மாலையும் கடையில் போய் உட்கார்ந்தேன். யாரிடமும் பெயர் கேட்கவில்லை. பெயரே இல்லாத இந்தக் கடையை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அப்போது ஒன்று பிடிபட்டது. காலையில் வருபவர்களுக்குப் பெயரே தேவைப்படவில்லை. தினம் வருகிற இடத்தைப் பெயர் சொல்லியா கூப்பிடுவார்கள்? அவர்களுக்கு அது 'கடை', அவ்வளவுதான். வராதவருக்கு வழி சொல்லும்போது மட்டும் ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கு அப்படியில்லை. எங்கே சந்திப்பது என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் வாயில் பெயர் தனியாக நிற்காது, வேற்றுமை உருபோடுதான் வரும். "எங்க இருக்க?" என்றால் '-ல இருக்கேன்', "எங்க வரணும்?" என்றால் '-க்கு வா'. அதனால் எந்தப் பெயர் வந்தாலும் அந்த இரண்டையும் ஒட்டிச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். 'நிழல்ல இருக்கேன்' என்றால் கேட்பவர் மர நிழலைத் தேடுவார். 'சங்கமம்' மாதிரி மகர மெய்யில் முடிகிற சொல் 'சங்கமத்துல' என்று நீண்டுவிடும். அந்த நீளத்தை மாணவர்கள் தாங்க மாட்டார்கள், இரண்டே நாளில் பாதியாக வெட்டிவிடுவார்கள். வெட்டுவதில் தப்பில்லை. வெட்டிய மிச்சம் எப்படி இருக்கும் என்பதை நாம் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெரியவர் கைப்பேசியில் யாருக்கோ வழி சொன்னார். "மூணு படி ஏறணும்ல, அந்தக் கடைதான்." கடை தெருவை விட உயரத்தில் இருந்தது, வாசலில் மூன்று சிமென்ட் படிகள். அன்று மாலை பார்த்தால், உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் ஐந்தாறு மாணவர்கள் அதே படிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "படில உக்காந்திருக்கோம், வா" என்று ஒரு பெண் பேசியதும் என் நோட்டில் இருக்கிறது.

'மூணு படி' என்று நான் சொன்னதும் அக்கா முகம் சுருங்கியது. "காலைல வர்றவங்க முட்டி வலின்னு அந்தப் படியத்தான் திட்டுறாங்க. அதையே பேரா வைக்கச் சொல்றீங்களே தம்பி!" நியாயமான கேள்வி. குறையைப் பெயராக்கினால் குறை பெரிதாகத் தெரியும் என்ற பயம். ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுவிடுங்கள், எப்படியும் போட வேண்டியதுதானே என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

அந்த அவகாசத்தில் மற்ற சோதனைகளை முடித்தேன். இதுவரை இந்தப் பெயரைக் கேட்டிராத ஏழு பேருக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னேன். தமிழில் ஐந்து பேர் ஒன்றுபோல எழுதினார்கள், இருவர் மட்டும் 'மூன்று' என்று திருத்தியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் moonu, munu என்று இரண்டு விதம். அது சமாளிக்கக்கூடியது. வெறும் 'படி' மட்டும் போதுமே என்று ஒரு ஆசை வந்தது. படிக்கிறவர்கள் கடைக்கு அந்தச் சிலேடை அழகுதான். ஆனால் PADI என்று தட்டினால் 1966-இல் தொடங்கிய ஆழ்கடல் நீச்சல் பயிற்சி அமைப்பு வரும். 'மூணு' கூட இருந்தால்தான் கடை தனியாகத் தெரியும். மாணவர்கள் எப்படியும் 'படி' என்று சுருக்கிக்கொள்வார்கள், அந்த மிச்சமும் நன்றாகவே இருந்தது. '3 படி' என்று எண்ணில் போடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அதைப் பாதிப் பேர் 'த்ரீ படி' என்று படித்தார்கள், விட்டுவிட்டேன்.

வணிகக் குறியீட்டுப் பதிவையும் பார்க்கச் சொன்னேன். உணவு, பானம் பரிமாறும் சேவைக்குப் பன்னாட்டு வகைப்பாட்டில் 43-ஆம் பிரிவு, டீத்தூளைப் பொட்டலமாக விற்பதற்கு 30-ஆம் பிரிவு. 'டீ ஸ்னாக்ஸ்' போல விற்கும் பொருளை மட்டும் சொல்கிற பெயருக்கு அந்தப் பதிவு கிடைப்பது கடினம். அதனால் பொருளைப் பெயரில் ஏற்றாமல், கீழே சிறிய வரியில் 'டீ, சிற்றுண்டி' என்று போடுவதே வசதி. நாளைக்கு வேறு எது விற்றாலும் அந்த வரியை மட்டும் மாற்றினால் போதும். வரைபடத்தில் பதியும்போதும் பலகையில் உள்ள பெயர்தான், கூடவே 'சிறந்த டீ' என்றெல்லாம் சேர்க்கக் கூடாது.

பலகைதான் கொஞ்சம் பாடுபடுத்தியது. மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் எழுத்துயரம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. எதிர்ச் சாரி பன்னிரண்டு மீட்டர், ஆக பத்து சென்டிமீட்டர் வேண்டும். தமிழில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. 'ணு'வின் வால் கீழே இறங்கும், 'டி'யின் கொக்கி மேலே ஏறும். மொத்த உயரத்தைப் பத்து என்று வைத்தால் எழுத்தின் உடம்பு குன்றிப்போய்விடும். உடம்புக்கே பத்து கொடுத்து, மேலும் கீழும் இடம் விட்டதில் பலகை முதலில் நினைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாகிவிட்டது.

பலகை மாட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே கைப்பிடிக் கம்பி வந்துவிட்டது. மாட்டிய அன்று காலை, வழி சொன்ன அந்தப் பெரியவர் கம்பியைப் பிடித்து ஏறி வந்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார், "இது முன்னாடியே இருந்த பேருதானேம்மா?"