டிக்கெட்டில் ஒரு H இல்லை

அம்மாவுக்கு டிக்கெட் போட்டது நான்தான். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சீட் தேர்வு செய்யலாம் என்று விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். பாஸ்போர்ட் விவரங்களைக் கேட்டது. பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்டில் SUMATHI, டிக்கெட்டில் SUMATI. குடும்பப் பெயர் சரி, பிறந்த தேதி சரி, ஒரு H மட்டும் இல்லை.

முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை அடிக்க ஒரு கட்டம் இருந்தது, SUMATHI என்று அடித்தேன், ஏற்றுக்கொண்டது, பச்சை டிக்கும் விழுந்தது. சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அது வேறு, டிக்கெட்டில் இருக்கும் பெயர் வேறு. அந்தக் கட்டத்தில் நாம் கொடுப்பது, போய்ச் சேரும் நாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும் பயணி விவரம். அதை எத்தனை முறை திருத்தினாலும் டிக்கெட் பெயர் பழையபடியேதான் இருக்கும். இ-டிக்கெட்டை மறுபடி இறக்கிப் பார்த்தேன், SUMATI அப்படியே இருந்தது.

ஒரு எழுத்துதானே, விட்டுவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. ஒரு எழுத்துப் பிழையோடு போய்ச் சிக்கலே இல்லாமல் ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை எடுப்பவர் அன்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிக்கொண்டுபோய் அந்த நாடு திருப்பி அனுப்பினால், கூட்டிவரும் பொறுப்பு பெரும்பாலும் விமான நிறுவனத்தின் தலையில்தான், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அவர் சந்தேகப்படுவதைத் தப்பு சொல்ல முடியாது. அவர் மறுத்துவிட்டால் புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போது, டிக்கெட் விற்ற இடத்துக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். தனியாகப் பயணம் செய்யும் அம்மாவை அந்த நிலையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

எது பிழை, எது பிழையே இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். டிக்கெட்டில் இரண்டு பெயர்கள் இடைவெளியில்லாமல் ஒட்டியிருப்பதும், பெயரின் கடைசியில் MRS ஒட்டிக்கொண்டு SUMATHIMRS மாதிரி தெரிவதும் சாதாரணம். நடுப்பெயர் விட்டுப்போனதைப் பல நிறுவனங்கள் பொருட்படுத்துவதில்லை, ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. எழுத்து மாறியிருந்தால், முதல் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியிருந்தால், வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டிருந்தால் திருத்தித்தான் ஆக வேண்டும். ஒப்பிட வேண்டியது பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளோடு. கவுன்ட்டரில் இருக்கும் கருவி படிப்பது அதைத்தான். சர்வதேச மாதிரிப் பாஸ்போர்ட்டில் மேல் வரி இப்படித் தொடங்கும்:

```
P<UTOERIKSSON<<ANNA<MARIA<<<<
```

முதலில் பாஸ்போர்ட்டைக் குறிக்கும் P, அடுத்து UTO என்ற மூன்றெழுத்து நாட்டுக் குறியீடு, பிறகு குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் முதல் பெயர்கள். டிக்கெட்டில் எது எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்ற குழப்பம் இதைப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பது. விமான நிறுவனத்துக்குத்தான் முதலில் போன் செய்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு, டிக்கெட்டை நீங்கள் எங்களிடம் வாங்கவில்லை, விற்ற ஏஜென்சிதான் திருத்தக் கேட்க வேண்டும் என்றார்கள். ஏஜென்சியில் பேசிய முதல் ஆள், ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது. வாங்கிய அன்றே பிழையைப் பார்த்திருந்தால் பல இடங்களில் 24 மணி நேரத்துக்குள் இழப்பில்லாமல் ரத்து செய்து மறுபடி போட்டிருக்கலாம். நாள் கடந்த பிறகு அப்படிச் செய்தால் ரத்துக் கட்டணமும் போகும், அன்றைய விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் கேட்டது நேம் கரெக்‌ஷன், நேம் சேஞ்ச் இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் அங்கே பெரிய வித்தியாசம். சேஞ்ச் என்றால் டிக்கெட்டை வேறொரு ஆளுக்கு மாற்றுவது, அதைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கரெக்‌ஷன் என்றால் அதே ஆள், எழுத்து மட்டும் தவறு. போனில் சொன்னதோடு விடாமல் மெயிலிலும் எழுதினேன்: பி.என்.ஆர், 13 இலக்க டிக்கெட் எண், இப்போது இருக்கும் பெயர், இருக்க வேண்டிய பெயர், பாஸ்போர்ட் படப் பக்கத்தின் ஸ்கேன். பிறந்த தேதி ஒன்றாக இருப்பதையும் குறிப்பிட்டேன், ஆள் மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று நாள் இழுத்தது. காரணம், முதல் விமானம் ஒரு நிறுவனம், இணைப்பு விமானம் இன்னொரு நிறுவனம், டிக்கெட் மட்டும் ஒன்று. இரண்டு நிறுவனத்தின் கணினியிலும் தனித்தனிப் பதிவு இருக்கும். டிக்கெட் வழங்கிய நிறுவனம் ஒப்புதல் தந்து, இரண்டு பதிவிலும் பெயர் மாறி, டிக்கெட்டை மறுபடி வழங்கினால்தான் வேலை முடிந்ததாகும். ஏஜென்சி தன் சேவைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. பெயர் சரியாகும்வரை ஆன்லைன் செக்-இன் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். செக்-இன் ஆகிவிட்ட டிக்கெட்டை, அந்த செக்-இன்னை நீக்கினால்தான் மறுபடி வழங்க முடியும். புறப்பாடு நெருங்கிய அந்த நேரத்தில் யாரையும் பிடிப்பது கஷ்டம்.

முடிந்துவிட்டது என்று மெயில் வந்ததும் அதை நம்பி விட்டுவிடவில்லை. புது டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பார்த்தேன், வந்திருந்தது. ஏஜென்சியிடம் இரண்டாவது நிறுவனத்தின் பி.என்.ஆரைத் தனியாகக் கேட்டு வாங்கி அவர்கள் தளத்திலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் SUMATHI. ஆனால் அம்மாவுக்குக் கேட்டிருந்த சக்கர நாற்காலி வேண்டுகோளைக் காணோம், எடுத்து வைத்திருந்த ஜன்னல் சீட்டும் போயிருந்தது. பதிவைப் புதிதாக எழுதும்போது இப்படி விழுந்துவிடுவது உண்டு என்றார்கள். இரண்டையும் மறுபடி போடச் சொல்லி, இரண்டு நிறுவனத்திலும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் விசாவையும் எடுத்து பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அதில் பிழை இருந்திருந்தால் டிக்கெட்டைத் திருத்தியும் பயனில்லை. நல்லவேளை, சரியாக இருந்தது.

புறப்படும் அன்று கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கருவியில் தேய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. இரண்டு போர்டிங் பாஸ் வந்தது. நான் வாங்கி இரண்டிலும் பெயரைப் படித்தேன். "இப்ப எல்லாம் சரிதானேப்பா?" என்றார் அம்மா. "சரிதாம்மா" என்று கையில் கொடுத்தேன், சக்கர நாற்காலி வந்து நின்றது.